தள்ளுபடி போர்டு மாட்டாமல் கைத்தறிப் பட்டு விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பதினான்கு தறிகள் ஓடுகின்றன, கூடவே ஒரு சின்னக் கடை. வருஷம் முழுக்க ஒரே விலைதான், ஆடிக்கும் அதே விலைதான். அது எப்படி முடிகிறது என்று எங்களைப் போன்ற சின்ன உற்பத்தியாளர்கள் நேரிலும் ஃபோனிலும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்குகள் எங்கள் கடைக்குரியவை. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"காந்தி ரோட்டுல இதே சேலை 6,500-னு ஃபோட்டோவைக் காட்டுறாங்க. என் விலை 38,000. அந்த நேரத்துல என்ன பேசறது?"

முதலில் ஒன்றும் பேசாதீர்கள். ஃபோட்டோவில் நம் சேலையும் அந்தச் சேலையும் ஒன்றுதான். நிறம், மயில், கோபுரக் கரை எல்லாம் அதில் அப்படியே தெரியும். வித்தியாசம் இருப்பதெல்லாம் சேலையின் பின்பக்கத்தில், அதை ஃபோட்டோ காட்டாது. அதனால் வாய்ப்பேச்சில் இறங்கினால் 6,500-க்கு எதிராக 38,000-ஐ வைத்துக்கொண்டு நாம்தான் விழிப்போம்.

போன வைகாசியில் ஒரு அம்மா வந்தார். "தம்பி, இதே மாம்பழக் கலர், இதே அரக்குக் கரை. என் நாத்தனார் பொண்ணுக்கு வாங்கியாச்சு. நீ என்னடான்னா ஆறு மடங்கு சொல்றே" என்றார். முடிந்தால் அந்தச் சேலையையும் எடுத்துவாருங்கள், ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் எடுத்து வந்தார். இரண்டையும் திருப்பிப் போட்டு, கரைப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தோம்.

எங்கள் சேலை கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று நாடாக்கள். உடலின் மஞ்சள் ஊடை கரை வரை வந்து, கரையின் அரக்கு ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிப் போகிறது. அதனால் கரையில் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. எப்படிச் சாய்த்தாலும் அந்த நிறம் மாறாது. விரலால் தடவினால் உடலும் கரையும் சேரும் இடத்தில் மெல்லிய வரப்பு தட்டுப்படும். அந்த அம்மா கொண்டுவந்தது விசைத்தறிச் சேலை. அதில் ஒரே மஞ்சள் ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடுகிறது. பாவில் மட்டும்தான் அரக்கு. சேலையைச் சாய்த்தால் கரையில் மஞ்சள் அடிக்கும், அரக்கு செங்கல் நிறமாகத் தெரியும். அந்த அம்மா நான் சொல்வதற்கு முன்பே, "ஏன் இதுல கலர் வெளுத்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வர வேண்டும். வந்த பிறகு விளக்கம் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். அதற்கு முன்னால் சொன்னால் வியாபாரிப் பேச்சாகத்தான் போகும்.

அடுத்து முந்தி. உடலின் பாவு நூல்களோடு முந்தியின் பாவு நூல்களை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதைப் பெட்னி என்கிறோம். அந்த இடத்தில் நூல் இரட்டிப்பதால் குறுக்கே ஒரு சன்னமான தடித்த பட்டை விழும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது குறை மாதிரியே தெரியும். நாமே முதலில் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு "நெசவு சரியில்லை" என்று ஃபோன் வரும்.

ஒரு எச்சரிக்கை. "கோர்வை இல்லாவிட்டால் போலி" என்று மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். உடலும் கரையும் ஒரே நிறமான கைத்தறிச் சேலைகள் நம்மிடமே எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்குக் கோர்வையும் கிடையாது, பெட்னியும் கிடையாது. நாம் கற்றுக்கொடுத்த சோதனையில் நம் சேலையே தோற்றுப்போகும். அந்த வகைச் சேலைக்கு ஜரிகையைக் காட்டித்தான் பேச வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

அப்புறம், எதிர்க்கடைச் சேலையைத் திட்டக் கூடாது. அந்த அம்மா ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்டார். அதைத் திட்டினால் அவரைத் திட்டுகிற மாதிரி. "ஆபீசுக்குக் கட்ட நல்லா இருக்கும்மா, இது வேற சாமான்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இருபது சதவீதம் குறைச்சா விற்பனை கூடி ஈடுகட்டிடாதா?"

இதை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தால் போதும்.

எங்கள் சேலையின் விற்பனை விலையை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பட்டு 15, ஜரிகை 30, நெசவுக் கூலி 22, சாயம், முறுக்கு, பாவு ஓட்டுதல் எல்லாம் சேர்த்து 5. இந்த 72 ஒவ்வொரு சேலைக்கும் போய்த்தான் ஆக வேண்டும். மீதி 28. அதில் கடை வாடகை, சம்பளம், வட்டி என்று 13 போய், 15 நமக்கு.

இப்போது 20 குறைத்தால் 80-க்கு விற்கிறோம். 72 அப்படியே நிற்கிறது, கையில் மிஞ்சுவது 8. முன்பு ஒரு சேலைக்கு 28 கிடைத்தது. அதே பணம் வர வேண்டுமென்றால் மூன்றரை மடங்கு சேலை விற்க வேண்டும். பத்து சதவீதம்தான் குறைக்கிறோம் என்றாலும் 28 என்பது 18 ஆகிறது. அப்போதும் ஒன்றரை மடங்குக்கு மேல் விற்றாக வேண்டும்.

விற்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். சேலைக்கு எங்கே போவது? ஒரு கோர்வைச் சேலைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள் ஆகிறது. ஒரு தறிக்கு மாதம் இரண்டு, பதினான்கு தறிக்கு 28. இருபது சதவீதத் தள்ளுபடியில் பழைய வருமானம் வர எனக்கு 98 சேலை வேண்டும். மீதி 70 சேலையை யார் நெய்வார்கள்? விசைத்தறிக்காரருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஷிஃப்டைக் கூட்டினால் சரக்கு வந்துவிடும். விலையைக் குறைத்து எண்ணிக்கையில் பிடிப்பது அவருக்குத் தோதான ஆட்டம்.

அப்படியும் குறைத்தே தீருவது என்றால் இரண்டு இடங்களில்தான் கை வைக்க முடியும். ஒன்று கூலி. கூலியைக் குறைத்தால் நெசவாளி அடுத்த தெரு முதலாளியிடம் போய்விடுவார், அல்லது மகனோடு கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். ஒருமுறை தறியை விட்டுப் போனவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று ஜரிகை. சுத்த ஜரிகைக்குப் பதில் வெள்ளி குறைந்ததைப் போடலாம், முதல் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாது. அந்த நிமிஷமே நாமும் காப்பி விற்க ஆரம்பித்துவிட்டோம், அதுவும் நம் சொந்தப் பெயரில்.

"ஒரே ஒரு ஆடிக்கு மட்டும் போட்டுப் பார்த்தா என்ன?"

நான் போட்டுப் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன்னால், சுற்றி எல்லாக் கடையிலும் போர்டு தொங்கியதைப் பார்த்துவிட்டுப் பதினைந்து சதவீதம் குறைத்தேன். அந்த ஆடியில் கூட்டம் வந்தது. சரக்கும் போனது.

முதல் அடி அடுத்த வாரமே விழுந்தது. ஆனிக் கல்யாணத்துக்கு எடுத்தவர்கள் இரண்டு குடும்பம். "நாங்க எடுத்து ஒரு மாசம்கூட ஆகலையே, எங்களுக்கு மட்டும் ஏன் முழு விலை?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை.

இரண்டாவது அடிதான் பெரிது, அது மறு வருஷம் விழுந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆவணியில் ஆரம்பித்துவிடும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆனியிலேயே வந்து எடுத்துவைப்பது எங்கள் வாடிக்கையாளர்கள் பழக்கம். அந்த வருஷம் ஆனியில் வந்தவர்கள் நிறம் பார்த்தார்கள், முந்தி பார்த்தார்கள், "ஆடிக்குப் போடுவீங்கதானே, அப்ப வர்றோம்" என்று எழுந்து போனார்கள். போட மாட்டோம் என்றேன், யாரும் நம்பவில்லை. ஆடியில் வந்து கேட்டுவிட்டு, போர்டு இல்லை என்றதும் சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஆக நான் புதிதாக வியாபாரம் எதையும் கொண்டுவரவில்லை. முழு விலைக்குப் போக வேண்டிய சேலையை ஒரு மாதம் தள்ளி, குறைந்த விலைக்குக் கொடுக்க நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்தப் பழக்கம் மறைய மூன்று ஆடி ஆனது.

கூட்டுறவுச் சங்கங்களும் கோ-ஆப்டெக்ஸும் பண்டிகைக்குத் தள்ளுபடி தருகின்றனவே என்பார்கள். அந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் அரசின் மானியம் இருக்கிறது. நம் தள்ளுபடிக்குப் பின்னால் நம் சட்டைப்பை மட்டும்தான்.

இப்போது ஆடியில் வேறொன்று செய்கிறோம். எங்களிடம் எடுத்த சேலையை எந்த வருஷம் எடுத்திருந்தாலும் கொண்டுவரச் சொல்கிறோம். மடிப்பை மாற்றிக் கொடுக்கிறோம். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில் வெட்டுப்பட்டுப் பட்டும் கிழியும். அவிழ்ந்த குச்சத்தை முடிந்து, சின்னப் பழுதை இழையெடுத்துச் சரிசெய்து தருகிறோம். வேலைக்கு ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு மாதம். அந்த மேசைக்கு எதிரே புதுச் சேலை தேடி வந்தவர் உட்கார்ந்திருப்பார். இருபது வருஷச் சேலையை மேசை மேல் விரிக்கும்போது அதன் தரத்தை அவரே பார்த்துக்கொள்கிறார்.

"சில்க் மார்க் இருக்கே. அதைக் காட்டினா போதாதா?"

போதாது. 2004-ல் வந்த சில்க் மார்க், பட்டு சுத்தப் பட்டா என்ற ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. கையால் நெய்ததா, ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலை கிடையாது. விசைத்தறியில் சுத்தப் பட்டு போட்டு நெய்தவர் அதை முறைப்படி ஒட்டிக்கொள்ளலாம், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் "எங்ககிட்டயும் சில்க் மார்க் இருக்கு" என்று எதிர்க்கடை சொல்லும்போது நீங்கள் அதை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால், விலை வித்தியாசத்துக்கு உங்களிடம் காரணமே இல்லாமல் போய்விடும். கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரை. காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு. மூன்றும் இருந்தால் மூன்றையும் பில்லோடு சேர்த்துத் தையுங்கள். ஆனால் எது எதற்கு என்று கடையில் நிற்கும் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வெள்ளி ஜரிகைன்னா யாரும் நம்பறதில்லை. எப்படி நிரூபிக்கிறது?"

பில்லில் எழுதுங்கள். நாங்கள் எழுதும் வரி இது: "ஜரிகை எடை 130 கிராம், வெள்ளி நூற்றுக்கு 40, தங்கம் நூற்றுக்கு அரை." இந்த எண்ணுக்காகப் புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. ஜரிகையை நாம் மார்க் கணக்கில் வாங்குகிறோம், ஒரு மார்க் சுமார் 240 கிராம். தறிக்குக் கொடுக்கும்போது நிறுத்துக் கொடுக்கிறோம், சேலை இறங்கியதும் மிஞ்சிய கட்டையை நிறுத்து வாங்குகிறோம். நெசவாளியின் புத்தகத்தில் அது தலைமுறையாக எழுதப்பட்டே வருகிறது. அந்த எண்ணை வாடிக்கையாளரின் பில்லுக்கு மாற்றியதுதான் நாங்கள் செய்த ஒரே புது வேலை.

எழுதிவிட்டால் சோதனைக்கும் தயாராக இருக்க வேண்டும். நகைக்கடையில் தங்கத்தை வைத்துப் பார்க்கிற மாதிரி, எக்ஸ்ரே கதிரால் உலோகக் கலவையைச் சொல்லும் கருவி இருக்கிறது. சேலையை வெட்ட வேண்டாம், ஒரு நிமிஷத்தில் எண் வந்துவிடும். வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

இதில் ஒரு சிக்கல் வரும், முதல் முறை எனக்கே வியர்த்துவிட்டது. பில்லில் 40 என்று எழுதியிருக்க, கருவி 52 காட்டியது. அதிகமாகக் காட்டினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு எண் தப்பு என்றால் எல்லாமே தப்பு என்றுதான் வாடிக்கையாளர் நினைப்பார். காரணம் எளிது. எங்கள் ஜரிகையின் நடுவில் பட்டு நூல் இருக்கிறது. நூறு கிராம் ஜரிகையில் பட்டு 24, வெள்ளி 40, செம்பு 35.5, தங்கம் 0.5. கருவிக்குப் பட்டு கண்ணில் படாது, உலோகங்களை மட்டும்தான் பார்க்கும். உலோகம் மொத்தம் 76 கிராம், அதில் 40 வெள்ளி என்றால் நூற்றுக்கு 52 சொச்சம். இப்போது இரண்டு எண்ணையும் பில்லிலேயே அச்சடித்துவிட்டோம்: மொத்த எடையில் 40, கருவியில் 52 அளவில். ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். அதற்கும் கீழே இறங்கினால் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று அதன் அடியிலேயே இருக்கிறது.

கருவி இல்லாத இடத்தில் கைச்சோதனை உண்டு. முந்தியின் ஓரத்தில் தொங்கும் ஒரு ஜரிகை இழையை எடுத்து நகத்தால் சுரண்டினால் உலோகம் பிரிந்து உள்ளே நூல் தெரியும். சுத்த ஜரிகையில் அது சிவப்புச் சாயமிட்ட பட்டு. மலிவுச் சேலையில் வருவது பெரும்பாலும் மினுமினுக்கும் பிளாஸ்டிக் தகடு. நெருப்பில் காட்டினால் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பட்டு இழை எரிந்தால் முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். ஆனால் சிவப்பு நூலைப் பார்த்ததும் சுத்த ஜரிகை என்று முடிவு கட்டாதீர்கள். காப்பியடிப்பவர்களுக்கும் சிவப்புச் சாயம் கிடைக்கும். கைச்சோதனை பொய்யைப் பிடிக்கும், வெள்ளி எவ்வளவு என்று சொல்லாது.

"பழைய சேலையைத் திருப்பி எடுத்துக்கிறீங்களாமே. கட்டுப்படி ஆகுமா?"

ஆகும், வாக்குறுதியை அளவாக எழுதினால். "பழைய பட்டுச்சேலை வாங்கறது" என்று தெருவில் குரல் கொடுத்துப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஜரிகை வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார். அந்த மதிப்பு நம் சேலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவு நாளாக அதைத் தெருவில் போகிறவர் சொன்ன விலைக்கு விட்டுக்கொண்டிருந்தோம்.

130 கிராம் ஜரிகையில் 40 பங்கு என்றால் 52 கிராம் வெள்ளி. பில்லில் எழுதிய வெள்ளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு, கொண்டுவரும் நாளின் வெள்ளி விலையைக் கொடுப்போம் என்பது எங்கள் வார்த்தை. அதாவது ஏறத்தாழ 47 கிராமுக்கு. கணக்குக்குக் கிராம் நூறு ரூபாய் என்று வைத்தால் 4,700. தங்கம் முலாம்தான். தேய்ந்தது போக மிஞ்சுவது உருக்குக் கூலிக்கும் சேதாரத்துக்கும் என்று பில்லிலேயே சொல்லிவிடுகிறோம். வெள்ளி விலை ஏறினால் நஷ்டமாகுமே என்று என் மச்சான் பயந்தார். வெள்ளியும் சேலையோடுதானே நம் கைக்கு வருகிறது, விலை ஏறினால் இரண்டு பக்கமும் ஏறும். ரூபாயில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், கிராமில் கொடுங்கள்.

இதுவரை திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஒரு கை விரலுக்குள்தான். கல்யாணப் புடவையை யாரும் சுலபத்தில் உருக்கக் கொடுப்பதில்லை. ஆனால் வாங்கும்போது அந்த வரியைப் படிக்காதவர் இல்லை. "அந்தக் கடையில் திருப்பி எடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்று சொல்லக்கூட வேண்டாம், அவர்களே போய்க் கேட்கிறார்கள்.

"எல்லாராலும் 38,000 கொடுக்க முடியாதே. குறைஞ்ச விலையில ஒண்ணு வச்சா பேர் கெடுமா?"

வைக்கலாம். எங்களிடமும் 12,000-க்கு ஒன்று இருக்கிறது. கைத்தறி, சுத்தப் பட்டு, கோர்வை இல்லை, ஜரிகையில் வெள்ளி இல்லை. பில்லில் "வெள்ளி இல்லை" என்றே எழுதுகிறோம். எழுதக் கூசினால் அந்தச் சேலையை விற்கக் கூடாது.

பெயரைக் கெடுப்பது விலை குறைவு கிடையாது. ஒரே பெயரில், ஒரே அலமாரியில், ஒரே மயிலைப் போட்டு இரண்டு தரத்தை வைப்பதுதான். அப்போது நாமே நமக்குக் காப்பி. அதனால் 12,000 சேலையில் எங்கள் பெரிய சேலைகளின் கரை டிசைனைப் போடுவதில்லை. அதற்குக் கட்டம், கோடு, சின்னப் புட்டா மட்டும். தூரத்திலிருந்து பார்த்தாலும் வேறு வகை என்று தெரியும். கல்யாணத்துக்கு என்று கேட்பவரிடம் அதை எடுத்துப் போடுவதும் இல்லை. அவராகக் கேட்டால் காட்டுவோம்.

"தேங்கிப்போன சரக்கை என்ன பண்றது?"

காரணம் கண்ணுக்குத் தெரிகிற சேலைக்கு மட்டும் விலை குறைக்கிறோம். இழை அறுந்தது, சாயம் ஏற்ற இறக்கமானது, ஜரிகை கறுத்தது. பழுதைச் சிவப்பு நூலால் அடையாளம் தைத்து, பில்லில் "பழுது" என்று எழுதி, உள் அறையில் வைக்கிறோம். பழுதில்லாமல் வெறுமனே நிறம் பிடிக்காமல் நிற்பதைக் குறைப்பதில்லை. இரண்டு வருஷம் காத்திருப்போம். பட்டு அழுகிப் போகிற காய்கறி இல்லை. அப்படியும் நின்றால் அந்த நிறத்தை மறுபடி பாவு ஓட்ட மாட்டோம். பாடம் நமக்குத்தான்.

"'கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க'ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு ரூபாகூட குறைக்கக் கூடாதா?"

எங்கள் அப்பா காலத்தில் குறைத்தார்கள், அதற்காகவே கூட்டியும் சொன்னார்கள். அதை நிறுத்தியதில் அவருக்கு இன்றும் வருத்தம்தான். நான் நிறுத்தியதற்குக் காரணம் கல்யாண மண்டபம். அக்காவும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எவ்வளவுக்கு எடுத்தே?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஒருத்திக்கு 38, இன்னொருத்திக்கு 35 என்றால், கூடக் கொடுத்தவள் நம்மை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். குறைத்து வாங்கியவளும் இன்னும் கேட்டிருக்கலாமோ என்றுதான் நினைப்பாள்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்பினால் நம் ஊரில் மரியாதை இல்லை. முந்திக் குச்சம், ஃபால்ஸ், ஓரம் அடிப்பது எல்லாம் எல்லோருக்கும் உண்டு, விலையிலேயே சேர்ந்தது. எட்டுப் பத்துச் சேலை எடுக்கும் கல்யாணக் குடும்பத்துக்குப் பெண்ணின் ஜாக்கெட் துணியில் அவர்கள் கேட்ட புட்டாவைத் தனியாக நெய்து கொடுக்கிறோம். எங்களுக்கு அதில் போவது ஒரு நாள் தறி நேரம். பணமாகக் குறைத்திருந்தால் அதைவிட நிறையப் போயிருக்கும், மண்டபத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கவும் மாட்டார்கள்.

"என் டிசைனையே காப்பியடிக்கிறாங்க. சட்டத்துல வழி இருக்கா?"

மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றுக்கும் எல்லை உண்டு.

காஞ்சிபுரம் பட்டு 2005-லேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. வேறு எங்கோ நெய்ததைக் "காஞ்சிபுரம் பட்டு" என்று விற்பவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நீங்களாக வழக்குப் போட வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, கட்டணமும் பெரிதில்லை. அப்படியிருந்தும் பலர் செய்யாமலே இருக்கிறார்கள். "காஞ்சி ஸ்டைல்" என்று சாமர்த்தியமாக எழுதுபவரைப் பிடிப்பது மட்டும் கஷ்டம்.

இரண்டாவது, 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். சில வகைச் சேலைகளை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்கிறது. கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டம் நெய்கிற தறியைத்தான் பிடிக்கும். எதிர்க்கடையில் தொங்கும் சேலை எந்த ஊர்த் தறியில் இறங்கியது என்று உங்களால் காட்ட முடியவில்லை என்றால் புகார் நகராது.

மூன்றாவது, டிசைன் பதிவு. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருஷமும், நீட்டித்தால் மேலும் ஐந்தும் பாதுகாப்பு உண்டு. மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம் எல்லாம் பாட்டன் சொத்து, அவற்றைப் பதிய முடியாது. புதிதாக நீங்கள் போட்டதைத்தான் பதியலாம். அதையும் வெளியே காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் ஒரு முந்தியை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அடுத்த மாதம் பதியப் போனோம். வெளியிட்ட பிறகு அது புதிது என்ற தகுதியை இழந்துவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஃபோட்டோ கடைசியில்தான்.

உண்மையைச் சொன்னால், டிசைனுக்காக நான் அலைவதில்லை. என் முந்தி மூன்று மாதத்தில் விசைத்தறியில் வந்துவிடும். பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"எல்லாம் செஞ்சும் விற்பனை குறையுது. காரணம் காப்பிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வாங்காமல் போகிறவர்களை ஒரு சீசனுக்கு எழுதிவையுங்கள். எங்கள் கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, என்ன கேட்டார், எந்தச் சேலை வரை வந்தார், எதைச் சொல்லி எழுந்தார். அவ்வளவுதான். பெயர், நம்பர் வேண்டாம்.

முதல் வைகாசியில் எழுதியதைப் படித்தபோது, "பக்கத்துல கம்மி" என்று போனவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் முதல் சேலையிலேயே விலை கேட்டுவிட்டு எழுந்தவர்கள். 10,000-க்குள் எடுக்க வந்தவர்கள், நம் வாடிக்கையாளர்கள் இல்லை. பத்து சேலை பிரித்துப் பார்த்து, முந்தி விரித்து, கண்ணாடி முன் நின்றுவிட்டு எழுந்தவர்கள் சொன்னது வேறு: "ரொம்ப கனமா இருக்கு", "பொண்ணுக்கு இந்தக் கலர் பிடிக்கல", "வெளிர் நிறம் இல்லையா". காப்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அந்த வருஷம் எங்கள் அலமாரியில் வெளிர் நிறம் நான்கே நான்குதான் இருந்தது.

விலையைச் சொல்லிப் போகிறவர்கள் சேலையை விரித்துப் பார்த்த பிறகு போகிறார்கள் என்றால்தான் காப்பி நம்மைக் கடிக்கிறது என்று அர்த்தம். அப்போதும் விலையைத் தொடாமல், அவர்களுக்குப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது யார், காட்டினார்களா என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாரும் காட்டுவதே இல்லை என்று அந்த நோட்டில்தான் தெரிந்தது. இப்போது கரைப் பக்கம் திருப்பிப் போட்ட ஒரு சேலை மேசை மேல் எப்போதும் கிடக்கிறது.